நெய் இருந்த இடம்

மூன்றாவது வரிசை, இடப்பக்கம், கீழ்த்தட்டு. பதினான்கு வருஷம் நெய் அங்கேதான் இருந்தது. சிங்கப்பூர் பாண்டான் லூப்பில் இந்தக் கட்டடத்துக்கு நாங்கள் மாறி வந்த அன்று நானே தள்ளிக்கொண்டு போய் வைத்த இடம். விளக்கை அணைத்துவிட்டு எடுத்துவரச் சொன்னாலும் எடுத்துவருவேன். போன வருஷம் ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை வழக்கம்போல் அங்கே போய் நின்றேன். கொண்டைக்கடலை மூட்டை அடுக்கியிருந்தது.

கையிலிருந்த ஸ்கேனர் `D-04-2-01` என்று காட்டியது. D வரிசை, நான்காவது கட்டம், இரண்டாம் தட்டு, முதல் இடம். போய்ப் பார்த்தால் நெய் இருந்தது. அதே நெய்ப் பெட்டிகளை அடுக்கிய இன்னொரு பலகை, எங்கள் பேச்சில் பேலட், `A-11-1-02`-இல் இருந்தது. மூன்றாவது பேலட் கட்டடத்தின் மறுகோடியில். உப்பைச் சமையலறையில் கொஞ்சம், பூஜையறையில் கொஞ்சம், மாடிப்படிக்குக் கீழே கொஞ்சம் என்று பிரித்து வைக்கிற வீட்டில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு.

இந்தியச் சாமான்களை இறக்கி, தேக்கா கடைகளுக்கும் உணவகங்களுக்கும் அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. ஸ்டோர்மேனாகச் சேர்ந்து 27 வருஷம் ஆகிறது; இப்போது சூப்பர்வைசர். வயது 58. அந்த ஜூலை வரை எங்கள் ஸ்டாக் மூன்று இடத்தில் இருந்தது. ஒவ்வொரு ராக்கிலும் தொங்கிய கார்டில், அலுவலகத்து அக்காவின் எக்செல்லில், என் தலையில். இதில் தலையில் இருந்ததுதான் பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்தப் பெருமையை நான் மறைக்கப்போவதில்லை. பிறகு கிடங்கு மேலாண்மை மென்பொருள் ஒன்றை வாங்கினார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பார்கோடு ஒட்டினார்கள், ஆளுக்கொரு ஸ்கேனர் கொடுத்தார்கள். எந்தச் சாமான் எங்கே போக வேண்டும் என்பதை இனி அது சொல்லும் என்றார்கள்.

நான் என்ன செய்தேன்? மலிவான 555 நோட்டு ஒன்று வாங்கினேன். இந்த ஊரில் கடன் கணக்கு எழுத எல்லாரும் வைத்திருப்போமே, சட்டைப்பையில் அடங்குகிற அந்தச் சின்ன நோட்டு. மென்பொருள் எதை எங்கே வைக்கிறது என்று தினமும் அதில் எழுதிக்கொண்டேன். மூன்று வாரத்தில் நோட்டு நிரம்பிவிட்டது. அதில் பாதி இடங்கள் அதற்குள் மாறியும் விட்டன.

ஏன் இப்படிச் சிதறடிக்கிறது என்று மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்த பையனிடம் சண்டை போடுகிற தொனியில்தான் கேட்டேன். அவன் ஒரு தாளை எடுத்து என் சாமானையே வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினான். தீபாவளிக்கு முன்னால் உங்களிடம் நெய் எத்தனை பேலட் இருக்கும்? இருபது. மற்ற மாதங்களில்? ஆறு. பேரீச்சம்பழம் நோன்பு மாதத்துக்கு முன்னால்? பதினெட்டு. மற்ற நாளில்? மூன்று. ஒவ்வொன்றுக்கும் நிரந்தர இடம் என்றால், அதன் உச்ச அளவுக்கு இடம் ஒதுக்க வேண்டும். இருபதும் பதினெட்டும் முப்பத்தெட்டு. இடத்தைப் பொதுவாக விட்டால்? தீபாவளி நேரத்தில் நெய் இருபது, பழம் மூன்று. நோன்பு நேரத்தில் பழம் பதினெட்டு, நெய் ஆறு. எப்போதும் இருபத்துநான்குக்கு மேல் தேவைப்படாது. இரண்டே இரண்டு சாமானில் பதினான்கு இடம் மிச்சம்.

எனக்குச் சட்டென்று 2005 ஞாபகம் வந்தது. அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 1, நோன்புப் பெருநாள் நவம்பர் 3. நெய்யும் பழமும் ஒன்றாக வந்து குவிந்து, பழைய கட்டடத்தில் நடக்க வழியில்லாமல் வெளியே இடம் வாடகைக்கு எடுத்தோம். "ரெண்டு பண்டிகையும் ஒண்ணா வந்தா உன் கணக்கு என்னப்பா ஆகும்?" என்றேன். அப்போது மிச்சமே இருக்காது என்று ஒப்புக்கொண்டான். நோன்பு வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும், எப்போதாவது மறுபடி தீபாவளியோடு சேரும். அது நான் வேலையில் இருக்கும்போது நடக்கப்போவதில்லை. அந்தப் பையன் தன் சரக்கின் குறையை மறைக்காமல் சொன்னதுதான் என்னை அதன் பக்கம் ஓர் அடி நகர்த்தியது என்று இப்போது தோன்றுகிறது. அதுவரை வந்தவர்கள் எல்லாம் "ஈஸி அங்கிள், ஈஸி" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் புரிந்துகொள்வது வேறு, கை பழகுவது வேறு.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், ஆறே முக்கால் இருக்கும். பழைய வாடிக்கையாளர் ஒருவர், உணவகக்காரர், போன் செய்தார். கல்யாண ஆர்டர், நெய் தீர்ந்துவிட்டது, மூன்று பெட்டி உடனே வேண்டும், ஆளை அனுப்பியிருக்கிறேன் என்றார். அலுவலகம் பூட்டியாகிவிட்டது. முறைப்படி செய்வதென்றால் ஆர்டரைப் போட்டு, எடுக்கும் வேலையை உருவாக்கி, ஸ்கேன் செய்து எடுக்க வேண்டும். எனக்கு அதில் பாதிதான் தெரியும். `D-04-2-01`-இல் இருந்து மூன்று பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். நாளைக்கு அக்காவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். 26 வருஷம் அப்படித்தானே செய்திருக்கிறேன்.

மறுநாள் காலை நான் சொல்வதற்கு முன்பே, எட்டு மணிக்கு, ஜோகூர்த் தம்பியின் ஸ்கேனர் அவனை அதே இடத்துக்கு அனுப்பியது. (ஜோகூர் பாருவிலிருந்து தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வருகிறவன். இருபத்துநான்கு வயது. இந்தக் கதையில் நிறைய வருவான்.) ஐந்து பெட்டி எடு என்றது. இருந்தது இரண்டு. அவன் `Short Pick` அழுத்தினான். உடனே மென்பொருள் அந்த இடத்தை முடக்கி வைத்து, எண்ணிப் பார்க்க ஒரு வேலையை உருவாக்கியது. மீதி மூன்று பெட்டிக்கு அவனை மறுகோடிக்கு அனுப்பியது. அங்கே பேலட் நான்காம் தட்டில். உயரத்திலிருந்து இறக்குகிற ரீச் டிரக் வேறு வேலையில் இருந்தது. லோரி இருபத்தைந்து நிமிஷம் தாமதம்.

நான் அப்போது சொன்ன வார்த்தையை எழுத வெட்கமாக இருக்கிறது. "பாத்தியா, இந்த சிஸ்டத்த நம்புனா இப்படித்தான்" என்றேன், எல்லார் முன்னாலும். நடுப்பகலில்தான் முதல்நாள் மூன்று பெட்டி நினைவுக்கு வந்தது. தம்பிக்குக் காலையிலேயே தெரிந்திருக்கிறது. அந்தத் தாள் மேசைமேல்தான் கிடந்தது. என்னிடம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "அங்கிள், அர்ஜெண்டா எடுக்கிறதுன்னா என்னைக் கூப்பிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை, காட்டித் தர்றேன்" என்றான்.

பழைய முறையில் நான் எழுதாமல் விட்டாலும் பெரிய சேதம் வந்ததில்லை. ஏனென்றால் எடுக்கப் போகிறவனும் நான்தான், அல்லது என்னைக் கேட்டுவிட்டுப் போகிறவன். கார்டில் விட்டதை என் தலை சரிசெய்துகொள்ளும். இப்போது எல்லாருக்கும் வழி சொல்வது அந்த மென்பொருள். ஸ்கேன் செய்யாமல் ஒரு பெட்டியை நகர்த்தினால் அடுத்தவனுக்கு அது பொய் சொல்லும். அப்புறம் அதைப் பொய் என்று ஏசுவதும் நானாகவே இருந்தேன்.

அதற்குப் பிறகு தம்பியிடமே கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். ஸ்கேனரை என் கையிலிருந்து வாங்கக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். இளவட்டங்களுக்கு இது பெரும் சோதனை. நாம் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் விரல் வந்து அழுத்திவிடும், திரை மாறிவிடும், நமக்கு ஒன்றும் ஏறாது. தம்பி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். "மேல... இல்ல அங்கிள், அதுக்கும் மேல... ஆங், அதுதான்." என்னைவிட அவனுக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டியிருந்தது.

கண் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்வதில்லை. வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கழற்றி மாட்டிச் சலித்துப்போய், ஸ்கேனரில் எழுத்தளவை நானே பெரிதாக்கினேன். எழுத்து அழகாகப் பெருத்தது. `Confirm` பொத்தான் திரைக்குக் கீழே ஓடிப்போய்விட்டது. அரை நாள், மெஷின் கெட்டுவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கொஞ்சம் பெரிய திரையுள்ள ஸ்கேனர் ஒன்று கேட்டு வாங்கினேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்ட பிறகு அலுவலகத்து அக்காவும் ஒரு பெரிய திரை கேட்டார்.

இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். உண்மையான ஸ்டாக்கைத் தொடாத ஒரு பயிற்சிப் பிரதி மென்பொருளுக்கு உண்டு என்று அந்தப் பையன் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான். அதைத் திறந்துவிடச் சொன்னேன். சனிக்கிழமை காலைகளில் தே-ஓ கொசோங் ஒன்றை வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்து தப்புத் தப்பாகச் செய்வேன். வேண்டுமென்றேதான். வேறு இடத்தை ஸ்கேன் செய்தால் என்ன சொல்கிறது? நாங்கள் கொடுத்த ஆர்டர் சீட்டில், அதாவது பி.ஓ.வில், நூறு பெட்டி இருக்க, நூற்றைந்து வாங்கினால் விடுகிறதா? எடுத்ததை உறுதிசெய்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டுமென்றால் வழி உண்டா? வகுப்பில் சரியான வழியை மட்டும் காட்டினார்கள். எனக்கு இருந்த பயமெல்லாம் தப்பு வழியைப் பற்றித்தான். நூறு தப்பு செய்து பார்த்ததில், திருத்தவே முடியாதது மூன்றோ நான்கோதான் என்று தெரிந்துகொண்டேன். அவற்றை மட்டும் 555 நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

இதற்கிடையில் ஒரு விஷயத்தில் முழுக்க முழுக்க நான் தப்பு. முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது எனக்கு வேதம். ஆட்டா மாவில் மென்பொருள் அதை மீறியது. போன வாரம் வந்த சரக்கை முதலில் எடுக்கச் சொன்னது. அதற்கு முந்தின மாதம் வந்தது அப்படியே நின்றது. மென்பொருள் கம்பெனியைக் கூப்பிட்டுக் கத்தினேன். தேதியைப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு வந்தது வேறு வியாபாரியின் சரக்கு, ஏற்கெனவே அவர் கிடங்கில் கிடந்து வந்தது. அது செப்டம்பரில் காலாவதி. முன்னால் வந்தது அக்டோபரில்தான். மென்பொருள் வந்த தேதியைப் பார்க்கவில்லை, கெடும் தேதியைப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் என் வேதத்தால் எத்தனை மூட்டை மாவைக் கழிவுக்கு அனுப்பியிருப்பேனோ.

அதே ஆட்டாவை அது பெருங்காயத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தபோது நான் கத்தியது சரி. ஒரு வாரம் போதும், சப்பாத்தியில் பெருங்காயம் மணக்கும். அதற்கென்று தனிப் பகுதி பிரித்துப் பதியச் சொன்னேன், பதிந்தார்கள்.

இனி நெய்க்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

தீபாவளி நெருங்கிய சமயம். அரை லிட்டர் நெய், கண்ணாடிப் புட்டி, பெட்டிக்கு 24. முழுப் பெட்டியாகவும் போகும், சின்னக் கடைகளுக்கு நாலைந்து புட்டி உதிரியாகவும் போகும். உதிரிக்கென்று கீழ்த்தட்டில் ஓர் இடம் உண்டு. அது காலியாக ஆக, மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கிப் பிரித்து அடுக்குவோம். மென்பொருள் அந்த இடத்தில் 24 கூட்டிக்கொள்ளும். அந்த உதிரி இடத்தை எண்ணிப் பார்க்கச் சொல்லி அவ்வப்போது வேலை வரும். மூன்று வாரத்தில் நான்கு முறை எண்ணினோம், நான்கு முறையும் குறைந்தது. முதலில் 8 புட்டி. பிறகு 4. பிறகு 12. மறுபடி 12. ஒவ்வொரு தடவையும் உள்ளதை உள்ளபடி பதிந்து கணக்கைச் சரிசெய்துவிட்டுத்தான் போனோம். ஆனாலும் அடுத்த தடவை மறுபடி குறைந்தது. ஆக 36 புட்டி.

அந்த இடத்தைப் பெரும்பாலும் எண்ணியது ஜோகூர்த் தம்பி. எடுத்ததும் பெரும்பாலும் அவன்தான். யார், எப்போது, எதைத் தொட்டார்கள் என்று மென்பொருள் வரி வரியாக வைத்திருக்கிறதே. மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து அந்தப் பட்டியலை என் முன் வைத்து, "இந்தப் பையன் எப்படி?" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தீபாவளி சமயம், நெய், ஒரே ஆளின் பெயர். தம்பிக்கும் புரிந்திருந்தது. அன்று சாப்பாட்டு நேரத்தில் அவன் யாரோடும் உட்காரவில்லை.

எனக்குத் தெரிந்த ஆயுதம் ஒன்று இருந்தது. சரக்கு குறைந்தால், எவ்வளவு குறைந்தது என்று கேட்பதற்கு முன், எந்த மாதிரிக் குறைகிறது என்று கேட்க வேண்டும். திருட்டோ உடைசலோ என்றால் எண் எப்படி வேண்டுமானாலும் வரும், 1, 3, 7 என்று. முழுப் பெட்டியை விட்டுவிட்டு எண்ணியிருந்தால் 24-இன் மடங்கில் வரும். பக்கத்துச் சாமானை மாற்றி எடுத்திருந்தால் இங்கே குறைந்தது அங்கே கூடியிருக்கும். 8, 4, 12, 12 என்று எழுதி வைத்துக்கொண்டு பார்த்தேன். எல்லாம் நாலின் மடங்கு. ஒரு தடவையாவது 5 இல்லை, 7 இல்லை. நாலு நாலாகத் திருடுகிறவன் யார்?

பிறகு அதே பட்டியலில் வேறொன்றைத் தேடினேன். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் இடையில் எத்தனை பெட்டி பிரித்தோம்? இதை என் பழைய கார்டில் கண்டுபிடிக்கவே முடியாது, மென்பொருளில் இருந்தது. சாமானையும் இடத்தையும் தேதியையும் கொடுத்துத் தேட வேண்டும். அந்தச் சனிக்கிழமைகள் அப்போது உதவின. முதல் எண்ணிக்கைக்கு முன் இரண்டு பெட்டி. அடுத்ததற்கு முன் ஒன்று. பிறகு மூன்று, பிறகு மூன்று. ஆக ஒன்பது பெட்டி, 36 புட்டி. ஒரு பெட்டி பிரித்தால் நாலு புட்டி காணாமல் போகிறது, தவறாமல்.

எழுந்து போய் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கச் சொன்னேன். தூக்கியதும் கை சொன்னது. பழைய பெட்டி கிட்டத்தட்ட பதினெட்டுக் கிலோ இருக்கும், இது பதினைந்துதான். பக்கவாட்டில், சாமான் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில் `20 X 500 ML` என்று அச்சடித்திருந்தது. நெய் வியாபாரி பெட்டியை மாற்றியிருக்கிறார். அட்டை அதே நிறம், அதே படம், அதே பார்கோடு. பார்கோடு அதேயாக இருந்ததால் ஸ்கேனர் 'பீப்' என்றது, 24 என்று பதிந்தது. உள்ளே இருக்கும் எண்ணிக்கை மாறினால் பெட்டியின் பார்கோடு எண்ணும் மாற வேண்டும் என்பதுதான் பார்கோடு எண்களுக்கு விதி வகுக்கும் ஜி.எஸ்.1 அமைப்பின் விதி. வியாபாரி மாற்றவில்லை.

மொத்தம் 150 பெட்டி வந்திருந்தது. மென்பொருள் கணக்கில் 3,600 புட்டி, உண்மையில் 3,000. இந்த 600 வித்தியாசம் ஏன் உதிரி இடத்தில் மட்டும் தெரிந்தது? மேல்தட்டுகளில் பெட்டிக் கணக்கில்தான் எண்ணுவோம். 110 பெட்டி இருக்க வேண்டும், 110 இருந்தது, எல்லாம் சரி என்று பச்சை காட்டியது. தவறு அங்கே 440 புட்டியாக மூடிய அட்டைக்குள் இருந்தது. பிரித்த ஒன்பது போக மீதி 31 பெட்டி முழுசாகவே கடைகளுக்குப் போய்விட்டது, 24-க்கு விலை போட்டு. ஆகவே இல்லாத 124 புட்டி நெய்க்குப் பணம் வாங்கியிருக்கிறோம்.

அப்போதுதான் லோரி டிரைவர் சொன்னார். தேக்காவில் ஒரு கடைக்காரர் பத்து நாளுக்கு முன்பே "பெட்டிக்கு நாலு குறையுது" என்று சொன்னாராம். டெலிவரி சீட்டான டி.ஓ.வில் சரியாக இருக்கிறதே என்று காட்டிவிட்டு இவர் வந்துவிட்டாராம்.

சரிசெய்வது எனக்கு எளிதாகத் தோன்றியது. 24 என்று இருப்பதை 20 என்று மாற்றிவிட்டால் போச்சு. மென்பொருள் கம்பெனிப் பையன் போனில் "வேண்டாம் அங்கிள், தொடாதீங்க" என்று பதறினான். பழைய 24 பெட்டிகள் இன்னும் சில இடங்களில் இருந்தன. எண்ணை மாற்றினால் அவையும் ஒரே நொடியில் 20 ஆகி, இப்போது வேறு பக்கம் கணக்குப் பிசகும். புதிய பெட்டிக்குத் தனிக் குறியீடு ஒன்று உருவாக்கி, 110 பெட்டியிலும் நாங்களே புது லேபிள் அடித்து ஒட்டி, பழைய கணக்கிலிருந்து கழித்துப் புதியதில் ஏற்றினோம். ஒட்டி முடிக்க நானும் தம்பியும் ஓர் இரவு எட்டரை வரை இருந்தோம். மேலிடத்துக்காரர் தம்பியிடம் ஏதோ சொன்னார். மன்னிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அன்றிரவு எம்.ஆர்.டி.யில் உட்கார்ந்து யோசித்தேன். பழைய முறையில் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றுதான் முதலில் பெருமையாகத் தோன்றியது. பிறகு, ஏன் நடந்திருக்காது என்று கேட்டுக்கொண்டேன். நான் கெட்டிக்காரன் என்பதால் இல்லை. சரக்கு வந்தால் வரவுச் சீட்டை நான் கையால் எழுதுவேன். எழுத வேண்டுமென்றால் பெட்டியில் அச்சடித்ததைப் பார்த்து எழுத வேண்டும்: பெயர், அளவு, எத்தனை. எழுதுவது என்கிற அந்தச் சலிப்பான வேலைக்குள் படிப்பது என்கிற வேலை ஒளிந்திருந்தது. ஸ்கேனர் எழுதும் வேலையை ஒழித்தது, கூடவே படிப்பதும் போய்விட்டது. 'பீப்' கேட்டதும் அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறோம்.

அதற்காக வரவுச் சீட்டை மறுபடி எழுதச் சொல்ல எனக்கு மனமில்லை. நான் இழந்தது சீட்டை அல்ல. அதனால் மறுநாள் அந்தப் பையனிடம் வேறு மாதிரிக் கேட்டேன். "சரக்கு வாங்கும்போது, பெட்டியில என்ன போட்டிருக்குன்னு எங்களையே தட்டச்சு பண்ணச் சொல்ல முடியுமா? ஆனா சிஸ்டத்துல என்ன இருக்குன்னு முன்கூட்டியே காட்டக் கூடாது. காட்டுனா பசங்க அதையே பார்த்துத் தட்டிடுவாங்க." அப்படி ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறதாம், யாரும் கேட்காததால் அணைத்து வைத்திருந்தார்களாம். இப்போது ஒவ்வொரு வரவிலும் சாமானுக்கு ஒரு பெட்டி பிரித்து எண்ணி, வந்த எண்ணைத் தட்ட வேண்டும். பொருந்தாவிட்டால் அந்த வரவு நின்றுவிடும், நானோ அக்காவோ விடுவித்தால்தான் நகரும். ஒரு கண்டெய்னருக்குக் கால் மணி நேரம் கூடுகிறது. தம்பிகள் முனகுகிறார்கள்.

அந்த வாரமே இன்னும் சில பழைய வேலைகளை எடுத்துவைத்து அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். மாதக் கடைசியில் கார்டுகளைக் கூட்டிப் பார்ப்பேனே, அது எதைப் பிடித்தது? ஒன்றையும் பிடிக்கவில்லை, கூட்டல் பிழையை மட்டும் பிடித்தது, இப்போது கூட்டலே கிடையாது. விட்டுவிட்டேன். சாயங்காலம் பூட்டுவதற்கு முன் வரிசை வரிசையாக நடப்பேனே, அது? சாய்ந்த பேலட், ஒழுகும் எண்ணெய், எலி கடித்த மூட்டை. இதெல்லாம் எந்த ஸ்கேனருக்கும் தெரியாது. அதை வைத்துக்கொண்டேன். நெய் இருக்கும் இடத்தை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருப்பது? அதை விடத்தான் நாளானது. போன மாதம் விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து "அண்ணே, நெய் எங்க இருக்கு?" என்று கேட்டபோது "தெரியாது, இருங்க பாக்குறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

எக்செல் வகுப்புக்கும் போனேன், 2016-இல் 25 வயதும் அதற்கு மேலுமான குடிமக்கள் எல்லாருக்கும் வகுப்புகளுக்கென்று அரசாங்கம் போட்ட 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணம் இத்தனை வருஷமாக அப்படியே கிடந்தது. இரண்டு நாள். அதில் பாதி எனக்கு எட்டவில்லை. ஆனால் குறைந்த சரக்குப் பட்டியலை இறக்கி, சாமான்வாரியாகத் தொகுத்துப் பார்க்கிற வித்தை பிடிபட்டது. வெள்ளிக்கிழமைதோறும் பார்க்கிறேன், மடங்கு ஏதாவது தெரிகிறதா என்று. ஒரு தடவை ஊறுகாயில் ஆறு ஆறாகக் குறைவது போலிருந்தது. பெட்டி மாறிவிட்டது என்று அடித்துச் சொன்னேன். கடைசியில் அது சாதாரண உடைசல், தற்செயலாக அப்படி விழுந்திருந்தது. நான்கு எண்ணிக்கையில் நாலு தடவையும் ஒத்துவருவது வேறு, இரண்டே தடவை ஒத்துவருவது வேறு.

முழுப் பெட்டி வாங்கிய கடைகளுக்கெல்லாம் அக்கா பணம் திருப்பிக் கழித்துக் கொடுத்துவிட்டார். தேக்கா கடைக்காரரிடம் மட்டும் நானே நேரில் போனேன். தே தாரிக் வாங்கிக் கொடுத்தார், கோபமெல்லாம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் லோரி போனால் ஒவ்வொரு பெட்டியையும் கத்தியால் கீறி, உள்ளே கைவிட்டு எண்ணிய பிறகுதான் டி.ஓ.வில் கையெழுத்துப் போடுகிறார். பார்க்கிங் நேரம் போகுதே என்று டிரைவர் என்னிடம் வந்து புலம்புகிறார். பக்கத்தில் நின்று நீங்களும் எண்ணுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.